பதினாலுக்கு ஒன்பது

விடுதியில் அவளை ஒட்டடை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உயரம், கை கால் எல்லாம் குச்சி. சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஏணி போடாமல் அறையின் மின்விசிறியைத் துடைத்துக் கொடுத்தாள். அன்று வைத்த பெயர் நாலாவது வருடம் வரைக்கும் உதிரவில்லை. அவளுக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவள் வருத்தமெல்லாம் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது. அதன் பெயர் பஞ்சு.

பஞ்சு என்பதும் பட்டப்பெயர்தான். அதிர்ந்து பேசமாட்டாள், நடந்தால் சத்தம் வராது, அடித்தால்கூட வலிக்காது என்பார்கள். இருவரும் ஒரே துறை, ஒரே அறை, ஒரே வாளி. ஆனால் ஆய்வகத்தில் ஒரே தப்பை இருவரும் செய்தால் ஒட்டடைக்குத் திட்டும், பஞ்சுவுக்கு விளக்கமும் கிடைக்கும். கைடு மேடம் பஞ்சுவின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசுவார். ஒட்டடையிடம் பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெற்ற அம்மாவே ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டு, "சாப்பிட்டியா"வுக்கு அடுத்த கேள்வியாக, "பஞ்சு இருக்காளா? குடேன், ரெண்டு வார்த்தை பேசுறேன்" என்பாள். அந்த இரண்டு வார்த்தை இருபது நிமிடம் ஓடும். சொந்த மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இத்தனைக்கும் பஞ்சு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அதுதான் ஒட்டடைக்கு இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் நிம்மதியாக வெறுத்துத் தொலைக்கலாமே!

கடைசிப் பருவத்தில் ஆளுக்கொரு ப்ராஜெக்ட். ஒட்டடைக்கு வெந்நீர்க் குழாய்களில் எவ்வளவு சூடு வீணாகிறது என்று அளக்கும் வேலை. அளந்தாள், கோடு கோடாக வரைபடங்கள் வந்தன. பஞ்சுவுக்கு உலோகத் தூள். மாவு போன்ற அந்தத் தூளை அடுக்கடுக்காகப் பரப்பி, உருக்கி, இயந்திரப் பாகம் செய்கிறார்கள். தூளின் ஒவ்வொரு துகளும் உருண்டையாக இருந்தால்தான் தடையில்லாமல் வழிந்து பரவும். பஞ்சு புது முறையில் எடுத்த தூள் உருண்டையாக வந்திருக்கிறதா என்பதுதான் அவள் ரிப்போர்ட்டின் உயிர்நாடி. மின்னணு நுண்ணோக்கியில் வைத்து எடுத்த படங்களில் துகள்கள் குண்டு குண்டாக, கோலிகளைக் கொட்டிவைத்த மாதிரி இருந்தன. முதலில் நன்றாக விழுந்த படத்தைப் பெரிதாக அச்செடுத்துத் தன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். வருகிற போகிறவர்கள் எல்லாம், "அழகா இருக்குடி!" என்று அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். வெந்நீர்க் குழாயின் வரைபடத்தைப் பார்த்து அழகு என்று சொல்ல உலகத்தில் ஆள் உண்டா?

ரிப்போர்ட் கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின நாள் மாலை, துறை அலுவலகக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். படங்கள் பதினாலு சென்டிமீட்டர் அகலத்தையும் ஒன்பது சென்டிமீட்டர் உயரத்தையும் தாண்டக்கூடாது, தாண்டினால் ரிப்போர்ட் திருப்பி அனுப்பப்படும் என்று இருந்தது. போன வருடம் பைண்டிங்கில் பாதிப் படம் உள்ளே போய்விட்டதாம், அதற்காக இந்த வருடம் இவர்கள் தலையில் கட்டினார்கள்.

விடுதியில் ஒரே கூப்பாடு. ஒவ்வொருத்தி ரிப்போர்ட்டிலும் ஐம்பது அறுபது படம். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து, மூலையைப் பிடித்து இழுத்து, அளவு பார்த்து, அடுத்ததற்குப் போனால் முந்தினது அடுத்த பக்கத்துக்கு ஓடியிருக்கும். பஞ்சு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை முணுமுணுக்காமல், முதல் படத்திலிருந்து ஆரம்பித்தாள். அவள் பொறுமையைப் பார்க்கப் பார்க்க ஒட்டடைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'இவ இப்படியே உக்காந்து முடிச்சிடுவா. நாளைக்கு மேடம், பாருங்க எவ்வளவு நேர்த்தின்னு சொல்லுவாங்க.'

அந்த வயிற்றெரிச்சலில் பிறந்ததுதான் அந்த மேக்ரோ. வேர்டில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய, கட்டளைகளை எழுதிவைத்து ஓடவிடலாம் என்பது ஒட்டடைக்குத் தெரியும். ஒரு படத்தை மாற்றும்போது அதைப் பதிவு செய்துகொண்டாள். பிறகு அந்தப் பதிவைத் திறந்து, 'ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும்' என்று ஒரு சுற்றுக்குள் அடைத்தாள். அகலம் பதினாலு என்றாள். அவள் வரைபடங்கள் எல்லாம் அகலவாட்டில் இருந்ததால், விகிதம் மாறாமல் உயரமும் ஒன்பதுக்குள் அடங்கியது. ஆனால் குழாய்களைக் காட்டும் நாலைந்து புகைப்படங்கள் ஒன்பதைக் கொஞ்சம் தாண்டி, தலைப்பை அடுத்த பக்கத்துக்குத் தள்ளின. உயரத்தை ஒன்பதாக்கினால் அகலம் குறைந்து, மற்ற படங்களோடு ஒட்டாமல் நின்றது. ஒட்டடைக்குப் பொறுமை கிடையாது. அகலமும் உயரமும் சேர்ந்தே மாறவேண்டும் என்று வைத்திருக்கும் பூட்டைக் கழற்றிவிட்டு, அகலம் பதினாலு, உயரம் ஒன்பது என்று இரண்டையும் அடித்துப் போட்டாள்.

ஓடவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது போல, முதல் பக்கத்தில் நகம் அளவு இருந்த கல்லூரி முத்திரை வீங்கித் தாளை அடைத்துக்கொண்டு நின்றது. முத்திரையும் ஒரு படம்தானே! ஒட்டடை தலையில் அடித்துக்கொண்டு, முதல் படத்தை மட்டும் விட்டுவிடு என்று ஒரு வரி சேர்த்தாள். முத்திரையைப் பழையபடி சுருக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டாள். திரை ஒரு முறை சிலிர்த்தது. அவ்வளவுதான். அத்தனை படமும் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி ஒரே அளவில் நின்றன.

"முடிஞ்சுது!" என்றாள், பஞ்சுவுக்குக் கேட்கவேண்டும் என்றே.

பஞ்சு திரும்பினாள். "என்னது, அதுக்குள்ளயா?"

"நான் என்ன உன்ன மாதிரி ஒண்ணொண்ணா இழுத்துக்கிட்டு உக்காந்திருப்பேனா?"

செய்தி தாழ்வாரத்தில் பரவ எவ்வளவு நேரமாகும்? பக்கத்து அறைக்காரிதான் முதலில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே இன்னும் ஆறேழு பேர். கட்டிலிலும் தரையிலும் வாசலிலும் உட்கார்ந்துகொண்டார்கள். "ஒட்டடை, எனக்கு முதல்ல", "ஒட்டடைக் கண்ணு, நான் குளிக்கப் போகணும்டி" என்று கெஞ்சினார்கள். நாலு வருடத்தில் முதல் தடவையாக அந்த அறைக்கு வந்தவர்கள் அவளுக்காக வந்திருந்தார்கள். ஒருத்தியும் சுவரில் ஒட்டியிருந்த படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒட்டடைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பக்கத்து அறைக்காரியின் ரிப்போர்ட்டில் மட்டும் ஒரு தகராறு. செங்குத்தாக எடுத்த பம்ப் ஒன்றின் படம், அமுங்கி அகலமாகிப் போயிருந்தது.

"ஐயோ, நின்னுக்கிட்டிருந்த பம்ப் உக்காந்துடுச்சுடி!" என்று அவள் சிரித்தாள்.

"அது ஒண்ண மட்டும் கையால சரி பண்ணிக்கோ. அடுத்தது யாரு?" என்றாள் ஒட்டடை. வரிசை நிற்கும்போது பம்ப்பைப் பற்றி யார் யோசிப்பது?

எல்லாரும் போனபிறகு பஞ்சு தன் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள். அவள் கையால் பாதிகூட முடித்திருக்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இத்தனை நேரம் காத்திருந்தாள் என்பது தெரிந்தது. ஒட்டடையும் வேண்டுமென்றேதான் அவளைக் கூப்பிடாமல் இருந்தாள்.

"எனக்கும் போட்டுத் தர்றியா?"

"குடு. கடைசில என்கிட்டதான் வரணும்னு இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிப்பில் இருந்த முள் பஞ்சுவுக்குக் குத்தியதா தெரியாது. ஓடவிட்டதும் பக்கங்களைச் சர்ரென்று கீழே தள்ளிப் பார்த்த பஞ்சு, "எவ்வளவு பெரிய வேலை, நிமிஷத்துல! ரொம்ப தேங்க்ஸ்டி" என்றாள். கண் சிவந்து போயிருந்தது அவளுக்கு. தன் வேலையையும் மறுபடி படிக்காமல், "தலை வலிக்குது" என்று படுத்தாள், தூங்கிவிட்டாள்.

ஒட்டடைக்குத் தூக்கம் வரவில்லை. ஜெயித்தவளுக்கு எப்படி வரும்? தன் கைவண்ணத்தை இன்னொரு முறை பார்க்கலாம் என்று, மேசையில் திறந்தே கிடந்த பஞ்சுவின் ரிப்போர்ட்டைப் புரட்டினாள். மூன்றாவது அதிகாரத்துக்கு வந்ததும் கை நின்றது.

கோலிகளைக் காணோம். முட்டைகள் இருந்தன.

சுவரைப் பார்த்தாள். அங்கே அதே படத்தில் துகள்கள் உருண்டையாக இருந்தன. திரையைப் பார்த்தாள். எல்லாம் பக்கவாட்டில் இழுபட்டு முட்டை முட்டையாகக் கிடந்தன. நுண்ணோக்கிப் படம் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் வருவது. ஒன்பது உயரம் என்றால் பன்னிரண்டு அகலம்தான் அதற்கு இயற்கை. ஒட்டடை அதைப் பதினாலுக்கு இழுத்துவிட்டிருந்தாள். வெந்நீர்க் குழாய் வரைபடத்தில் எழுத்து ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இங்கேயோ படத்துக்குக் கீழேயே, 'துகள்கள் ஏறக்குறைய முழு உருண்டையாக உள்ளன' என்று பஞ்சு எழுதியிருந்தாள். மேலே முட்டை, கீழே உருண்டை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அளவுகோலை வைத்தாலே போதும், கதை முடிந்தது.

ஒட்டடை முதலில் நினைத்தது, எழுப்பிச் சொல்லவேண்டும் என்பதுதான். கையைக்கூட நீட்டினாள். அப்போது பஞ்சு தூக்கத்தில் புரண்டு, முகம் விளக்குப் பக்கம் வந்தது. எவ்வளவு நிம்மதியான முகம்! கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஒரு குறையும் இல்லாதவள் தூங்குகிற தூக்கம்.

'ஒரு தடவை. ஒரே ஒரு தடவை இவகிட்டயும் மேடம் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டுப் பேசட்டுமே.'

நீட்டிய கை திரும்பிவந்தது. நான் என்ன வேண்டுமென்றா செய்தேன், மேக்ரோ செய்தது. சரிபார்க்க வேண்டியது யார்? ரிப்போர்ட் யாருடையதோ அவர்கள். இப்படிப் பேசி மனசு தானே வக்கீலும் தானே நீதிபதியுமாகத் தீர்ப்பு எழுதிக்கொடுத்தது. ஒட்டடை மடிக்கணினியை மூடிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தாள்.

காலையில் இருவரும் சேர்ந்தேதான் அச்சுக் கடைக்குப் போனார்கள். கல்லூரி வாசலுக்கு எதிரே, இரண்டு இயந்திரமும் ஒரு பைண்டிங் மேசையும் கொண்ட குறுகலான கடை. விடுதியே அங்கே திரண்டிருந்தது. சூடான தாளும் பசையும் கலந்த வாடை. கடைக்கார அண்ணன் யாருக்கும் முகம் கொடுக்காமல், "அடுத்தது, அடுத்தது" என்று பென்டிரைவை வாங்கிச் செருகிக்கொண்டிருந்தார்.

பஞ்சுவின் முறை வந்தது. தாள்கள் விழ ஆரம்பித்தன. பஞ்சு குனிந்து முதல் சில தாள்களில் ஒன்றை எடுத்து ஒட்டடையிடம் நீட்டினாள்.

"இதப் படி. காலைல எழுந்ததும் சேத்தேன்."

நன்றியுரை. மேடம், ஆய்வகப் பணியாளர், அம்மா அப்பா. அதற்கெல்லாம் கீழே, 'இந்த அறிக்கையின் படங்கள் அனைத்தையும் ஒரே இரவில் சீராக்கித் தந்த என் அறைத்தோழிக்கு' என்று தொடங்கி, ஒட்டடையின் முழுப்பெயர் இருந்தது. நாலு வருடத்தில் அந்தப் பெயர் எந்த நல்ல காரியத்துக்கும் அச்சில் ஏறியதில்லை.

ஒட்டடை அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். நெகிழ்ச்சி என்று சொன்னால் பொய். முதலில் வந்தது பயம். படங்களைப் பாழாக்கியவள் யார் என்று தேர்வாளர் கேட்டால், பக்கத்தைத் திருப்பினால் போதும், ஊர் பேர் சகிதம் அச்சடித்திருக்கிறதே! அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. இவள் என்னைப் பற்றி இப்படி ஒரு வரி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நான் போர்வைக்குள் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்?

"அண்ணா, நிறுத்துங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது. "என்னம்மா, பாதில நிறுத்தச் சொல்ற?" என்றார் அண்ணன்.

"நிறுத்துங்கண்ணா, படம் தப்பு."

மூன்றாவது அதிகாரத்தின் முதல் தாள் அப்போதுதான் விழுந்தது. பஞ்சு அதை எடுத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. மாதக்கணக்காக அந்தத் துகள்களோடு குடும்பம் நடத்தியவள் ஆயிற்றே.

"இழுத்திருக்கு" என்றாள்.

"ஆமா. உயரமும் அகலமும் தனித்தனியாப் போட்டுட்டேன். உன் படத்துக்கு அது ஒத்துவராது. அஞ்சு நிமிஷம் குடு, சரி பண்ணிடுறேன்."

பஞ்சு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீ எப்பப் பாத்த?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தாள் விழும் முன்பே நிறுத்தச் சொல்லிக் கத்தியாகிவிட்டது. அது தெரிந்துதான் பஞ்சுவும் கேட்கிறாள்.

"நேத்து ராத்திரி" என்றாள் ஒட்டடை.

"நான் தூங்கினப்புறமா?"

"ம்."

பஞ்சுவின் முகம் கழுவிவிட்ட பலகை மாதிரி ஆனது. வரிசையை விட்டு விலகி, பைண்டிங் மேசை ஓரமாக இடம் செய்து, தன் மடிக்கணினியைத் திறந்து ஒட்டடையின் பக்கம் தள்ளினாள்.

சரிசெய்வதும் நினைத்த அளவு சுலபமில்லை. கழற்றிய பூட்டை இப்போது அப்படியே மாட்டினால் இழுபட்ட விகிதம்தான் பூட்டிக்கொள்ளும், முட்டை முட்டையாகவே சுருங்கும். முதலில் ஒவ்வொரு படத்தையும் அதன் பழைய முழு அளவுக்குக் கொண்டுபோகவேண்டும். படத்தின் சொந்த அளவை வேர்ட் மறப்பதில்லை, நூறு சதவீதம் என்று கேட்டால் திருப்பித் தந்துவிடும். அந்த வரியை முதலில் வைத்தாள். பிறகு அகலம் பதினாலுக்குள்ளும் உயரம் ஒன்பதுக்குள்ளும் அடங்க எவ்வளவு சுருக்கவேண்டும் என்று கணக்கிட்டு, இரண்டில் எது அதிகச் சுருக்கமோ, அதே பங்கை இரண்டு பக்கத்துக்கும் போடச் சொன்னாள். ஓடவிட்டாள். துகள்கள் உருண்டன. படங்கள் பன்னிரண்டு அகலத்தில் நின்றன. உயரம் அதே ஒன்பதுதான் என்பதால் ஒரு பக்கமும் நகரவில்லை. பொருளடக்கத்தைத் தொடவேண்டிய வேலை இல்லாமல் போனது.

பஞ்சு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூன்றாவது அதிகாரத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். பிறகு மேலே போனாள். நன்றியுரைக்கு. ஒட்டடை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். கோபமாகத் தட்டவில்லை, எப்போதும் தட்டுகிற மாதிரிதான் தட்டினாள்.

"அண்ணா, திரும்ப முதல்லேருந்து போடுங்க" என்றாள்.

இதற்குள் விஷயம் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. "அப்ப எங்களோடது?" என்று பக்கத்து அறைக்காரி கேட்டாள். "அடிப்பாவி, என்னோடது பைண்டிங்குக்கே போயிடுச்சு!" என்று இன்னொருத்தி. நேற்று கண்ணு என்று கெஞ்சியவர்கள் இன்று ஒட்டடையைச் சுற்றி நின்று ஏசினார்கள். அவள் அந்தப் பைண்டிங் மேசை ஓரத்திலேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியின் ரிப்போர்ட்டையும் திறந்து புது மேக்ரோவை ஓடவிட்டுக் கொடுத்தாள். மதியம் வரைக்கும் தலை நிமிரவில்லை. கடைசியாகத் தன்னுடையதை அச்சுக்குக் கொடுத்து, துறை அலுவலகக் கதவைச் சாத்தப் போகும் நேரத்துக்கு ஓடிப்போய் நீட்டினாள்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் பஞ்சுவின் நுண்ணோக்கிப் படத்தின் மேல் உண்மையாகவே அளவுகோலை வைத்தார். குறுக்கே அளந்தார், நெடுக்கே அளந்தார், தலையை ஆட்டினார். "படங்கள ரொம்ப ஒழுங்கா வெச்சிருக்கீங்கம்மா" என்றார். மேடம் பஞ்சுவின் தோளில் கை போட்டார். வெளியே பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்த ஒட்டடை கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் போட்ட வரிகள், அவள் செய்த ஒழுங்கு. எழுந்து போய்ச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. என்ன என்று சொல்வது? முதலில் கெடுத்ததும் நான்தான் என்றா? நன்மை செய்தபிறகாவது பொறாமை தீரும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அவளுக்குத் தீரவில்லை. முன்னைவிட நன்றாகத்தான் எரிந்தது.

அறையில் பஞ்சு பேசாமல் இல்லை. "வாளி வேணுமா", "விளக்க அணைக்கட்டுமா" என்று தேவைக்குப் பேசினாள். ஒட்டடை ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"திட்டிடேன். உள்ள வெச்சுக்கிட்டே இருக்காத."

பஞ்சு துணி மடித்துக்கொண்டிருந்தாள். "திட்டுறதுக்கு என்ன இருக்கு? காலைல சொல்லிட்ட" என்றாள். பிறகு, "ராத்திரியே எழுப்பியிருக்கலாம். அது மட்டும்தான்" என்றாள்.

"எழுப்ப மனசு வரல. உன்னப் பாத்தா எனக்கு எரியும். நாலு வருஷமா."

பஞ்சு மடித்த துணியைக் கீழே வைத்தாள். "எதுக்கு?" என்றாள், நிஜமாகவே புரியாமல்.

இவ்வளவு நாள் கட்டி அழுத கணக்கை, கேட்டவளிடம் வாய்விட்டுச் சொல்ல முயன்றபோது, மேடத்தின் கையும் அம்மாவின் போனும் சுவரிலிருந்த ஒரு படமும்தான் தேறின. "விடு" என்றாள் ஒட்டடை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டாள். சாப்பிட்டியாவுக்குப் பிறகு, "பஞ்சு இருக்காளா?" என்றாள்.

"இருக்கா. ஆனா இன்னிக்கு அவகிட்டக் குடுக்கமாட்டேன். என்கிட்டப் பேசு" என்றாள் ஒட்டடை.

"உன்கிட்ட என்னடி பேசுறது? நீதான் எது கேட்டாலும் ம், ம்னு வெச்சுடுவியே. அதனாலதான் அவகிட்ட உன்னப் பத்திக் கேக்குறது" என்றாள் அம்மா.

பக்கத்துக் கட்டிலில் பஞ்சு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் இருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரிந்தது. ஒட்டடை கால்களை மடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். வெந்நீர்க் குழாயில் சூடு எப்படி வீணாகிறது என்று அம்மாவுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.